கப்பல் இரண்டு நாள் லேட்... கணக்கில் 67,000 ரூபாய் காணோம்!

"என்னங்க, சீனாவுக்குப் போன நாருக்கு 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு பில் போட்டோம். பேங்க்ல நமக்குன்னு நின்னது 9 லட்சத்து 91 ஆயிரம். மிச்சம் எங்க?"

கீரமங்கலம் பக்கத்தில் தேங்காய் நார் மில் நடத்தும் ஒரு குடும்பத்தில், டேலியில் கணக்கு எழுதும் மனைவி கணவரிடம் கேட்ட கேள்வி இது. அந்தக் குடும்பம் கற்பனைதான், தொகைகளும் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவைதான். ஆனால் விதிகள் நிஜம். எல்.சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டை நம்பிச் சரக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர்கள் பலருடைய வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். 'எல்.சி இருக்கு, பணத்துக்கு பயமில்லை' என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டார்கள். பணத்துக்கு பயமில்லைதான், ஆனால் எவ்வளவு பணத்துக்கு என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் முழுக்கத் தென்னை. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியும் முன் கஜா புயல் வந்து அதில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனது. நின்ற மரங்களையும் அதன் பிறகு வைத்த கன்றுகளையும் நம்பித்தான் இங்கே நார்த் தொழில் நடக்கிறது. மட்டையை அடித்து நாராக்கி, வெயிலில் காயவைத்து, அழுத்திப் பேல் கட்டி, தூத்துக்குடி வழியாக அனுப்புவார்கள். தமிழ்நாட்டு நாருக்குப் பெரிய வாடிக்கையாளர் சீனா. அங்கே மெத்தைக்குள் போய்விடுகிறது நம் ஊர் மட்டை.

நம் மில்காரருக்கு வந்த ஆர்டர் இரண்டு கன்டெய்னர், 40 டன். டன்னுக்கு 300 டாலர், ஷாங்காய் வரைக்குமான கப்பல் கூலியும் அதற்குள்ளேயே. மொத்தம் 12,000 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 10,80,000 ரூபாய். வாங்குபவர் ஷாங்காயில் உள்ள தன் வங்கியில் எல்.சி திறந்தார். அது ஸ்விஃப்ட் செய்தியாக இங்குள்ள வங்கிக்கு வந்தது. நாலைந்து பக்கம். மில்காரர் தொகையைப் பார்த்தார், சரக்கின் பெயரைப் பார்த்தார், தன் நிறுவனத்தின் பெயரில் எழுத்துப்பிழை இல்லையே என்று பார்த்தார். நல்ல பழக்கம்தான். ஆனால் அவருக்குச் செலவு வைத்த மூன்று வரிகள் வேறு இடத்தில் இருந்தன.

```
44C: LATEST DATE OF SHIPMENT
     251210
47A: DISCREPANCY FEE OF USD 90
     WILL BE DEDUCTED
71D: ALL BANKING CHARGES OUTSIDE
     CHINA ARE FOR BENEFICIARY'S
     ACCOUNT
```

முதல் வரி, சரக்கு 2025 டிசம்பர் 10-க்குள் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, ஆவணங்களில் ஏதாவது முரண் இருந்தால் 90 டாலர் பிடித்துக்கொள்வோம் என்கிறது. மூன்றாவது, சீனாவுக்கு வெளியே ஆகும் வங்கிச் செலவெல்லாம் பணம் பெறுபவர் தலையில், அதாவது நம் மில்காரர் தலையில் என்கிறது. இப்படி வரிகள் எல்.சி-க்களில் சர்வ சாதாரணம். அதனாலேயே யாரும் படிப்பதில்லை.

டிசம்பர் 8-ம் தேதி தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, கொழும்பு போற ஃபீடர் கப்பல் தள்ளிப்போயிருச்சு. நம்ம பெட்டி 12-ம் தேதிதான் ஏறும்."

"ரெண்டு நாள்தானே தம்பி. அது பரவாயில்ல, ஏத்தி விடு."

தூத்துக்குடியிலிருந்து கிழக்கே போகும் சரக்கில் கணிசமானது சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். சிறு கப்பல் தள்ளிப்போவது அதிசயமில்லை. நார் மாதிரி விலை குறைந்த சரக்கை 'அடுத்த கப்பலில் பார்க்கலாம்' என்று ஒதுக்கிவைப்பதும் உண்டு. நம்மவர் மீது தவறே இல்லை. ஆனால் எல்.சி-யில் தவறு யார் மீது என்ற கேள்வியே கிடையாது. பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் ரசீதில் 'ஆன் போர்டு' தேதி 12 என்று விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

வங்கி வாங்குவது நாரை அல்ல

டிசம்பர் 17-ம் தேதி இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், மூலச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திருச்சியில் உள்ள வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக்குப் போனார். இங்கே நடப்பதற்குப் பெயர்தான் நெகோஷியேஷன். பேரம் பேசுவது என்று அர்த்தமில்லை. எல்.சி கேட்டபடி இருக்கும் ஆவணங்களை வங்கி விலைக்கு வாங்குகிறது. சீனாவிலிருந்து பணம் வருவதற்கு முன்பே உள்ளூர் வங்கி கொடுத்துவிடுகிறது. பணம் வந்துசேரும் வரையிலான நாட்களுக்கு வட்டியும், வேலைக்குக் கமிஷனும் எடுத்துக்கொள்கிறது. அந்நியச் செலாவணி பில்லுக்கு வழக்கமாக 25 நாள் என்று கணக்கு வைப்பார்கள்.

வங்கி அதிகாரி தாள்களைப் புரட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"சார், ஷிப்மென்ட் பத்தாம் தேதிக்குள்ள இருக்கணும். உங்க பி.எல்-ல பன்னெண்டு போட்டிருக்கு. இது டிஸ்கிரிபன்ஸி."

"ரெண்டு நாளைக்கெல்லாம் பார்ப்பாங்களா மேடம்? பார்ட்டி நமக்கு மூணு வருஷமா பழக்கம்."

"பார்ட்டி பழக்கம் சார். அவங்க பேங்க்குக்கு நீங்க பழக்கம் இல்லையே. பார்ட்டிகிட்ட சொல்லி எல்.சி-யில தேதியை மாத்தச் சொல்லுங்க. வந்த பிறகு கொடுங்க, சுத்தமா அனுப்பிடலாம்."

இதுதான் முழுக் கதையின் திருப்பம். கப்பல் தள்ளிப்போகிறது என்று தெரிந்த 8-ம் தேதியிலிருந்து ஆவணங்களை வங்கியில் கொடுத்த 17-ம் தேதி வரை ஒன்பது நாள் இருந்தது. வாங்குபவர் தன் வங்கிக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால், தேதியை நீட்டி MT707 என்ற ஸ்விஃப்ட் செய்தி வந்துவிடும். அதற்கு உதாரணமாக 70 டாலர், சுமார் 6,300 ரூபாய் ஆகியிருக்கும். கப்பல் போன பிறகுகூட, ஆவணங்களைக் கொடுப்பதற்கு முன்னால் திருத்தம் வந்துவிட்டால் முரண் மறைந்துவிடும். எல்.சி-யின் காலாவதித் தேதியும், ஆவணங்களைக் கொடுக்க வேண்டிய கெடுவும் தாண்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

17-ம் தேதியும் அவருக்குக் கதவு மூடிவிடவில்லை. ஆனால் மில்லில் வாரக் கூலி பாக்கி, மட்டை கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். திருத்தம் வரும்வரை காத்திருக்க முடியாது என்றார். அப்படியானால் வேறு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பணம் வாங்காமல் ஆவணங்களை மட்டும் அனுப்பி, வாங்குபவர் சம்மதித்த பிறகு பெற்றுக்கொள்வது. இன்னொன்று, 'அந்த வங்கி மறுத்தால் பணத்தை வட்டியோடு திருப்பித் தருகிறேன்' என்று பொறுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து இப்போதே பணம் பெறுவது. இரண்டாவதற்கு அவர் கையெழுத்துப் போட்டார். அப்படிப் பெற்ற பணம் உண்மையில் விற்ற பணமல்ல, சரக்கைக் காட்டி வாங்கிய கடன். கணக்கில் வரவு விழுந்ததும் அது மறந்துபோகும்.

டிசம்பர் 18 அன்று வரவானது இப்படி. 10,80,000 ரூபாயில் 25 நாள் வட்டி, 9 சதவீத வீதத்தில் 6,660 ரூபாய் போனது. நெகோஷியேஷன் கமிஷன், கூரியர், ஸ்விஃப்ட் செலவு எல்லாம் சேர்த்து 5,500, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி 990. ஆக 10,66,850 ரூபாய் கைக்கு வந்தது. கூலி கொடுத்தாயிற்று, மட்டைக்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று.

ஐந்து வேலை நாள்

ஆவணங்கள் டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை ஷாங்காய் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தன. உலகமெங்கும் எல்.சி-க்களை நடத்தும் விதித்தொகுப்பு யூ.சி.பி 600. சர்வதேச வர்த்தக சபை வெளியிட்டது, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஆவணம் வந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாட்களுக்குள் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று சொல்லிவிட வேண்டும். மறுத்தால் ஒரே அறிவிப்பில் எல்லா முரண்களையும் எழுத வேண்டும். இன்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று தவணை முறையில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. கெடு தாண்டிவிட்டால், ஆவணம் முரணானது என்று சொல்லும் உரிமையே அந்த வங்கிக்குப் போய்விடுகிறது, பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சிறு ஏற்றுமதியாளர் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது. பெரும்பாலும் உறையிலேயே இருக்கிறது. மறுப்பு அறிவிப்பு MT734 என்ற செய்தியாக வரும். அதன் தேதியையும், கூரியர் அங்கே சேர்ந்த தேதியையும் கேட்டு வாங்கி விரல்விட்டு எண்ண வேண்டும். நம்மவரும் எண்ணினார். 24, 25, 26, பிறகு சனி ஞாயிறு விட்டு 29, 30. கிறிஸ்துமஸுக்குச் சீனாவில் வங்கி விடுமுறை இல்லை, அந்த நாளும் கணக்கில் சேரும். ஆக கெடு டிசம்பர் 30. மறுப்பு வந்தது 29-ம் தேதி. ஒரு நாள் முன்னால்! ஆயுதம் உதவவில்லை.

மறுப்பு என்றால் சரக்கு திரும்பி வருகிறது என்று அர்த்தமில்லை. ஆவணங்களை வைத்துக்கொண்டு, வாங்குபவரிடம் 'இந்த முரணை விட்டுக்கொடுக்கிறீர்களா' என்று வங்கி கேட்கும். அவர் சரி என்றால் 90 டாலர் பிடித்துக்கொண்டு பணம் வரும். இங்கேதான் 'மூணு வருஷப் பழக்கம்' சோதனைக்கு வந்தது.

நாரின் விலை சந்தையில் ஏறியிருந்தால் வாங்குபவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்திருப்பார். பேசிய விலைக்குக் கிடைப்பதே அவருக்கு லாபம். ஆனால் இந்த இடைவெளியில் விலை இறங்கியிருந்தது. அவர் அனுப்பிய பதில் மரியாதையானது. நட்பு தொடர வேண்டும், சந்தை சரியில்லை, டன்னுக்கு 15 டாலர் குறைத்தால் உடனே ஏற்றுக்கொள்கிறேன். 40 டன்னுக்கு 600 டாலர். ஆவணத்தில் ஒரு முரண் விழுந்த கணமே, பேசி முடித்த விலையை மறுபடி பேசும் வாய்ப்பு வாங்குபவருக்கு இலவசமாகப் போய்விடுகிறது. விலை இறங்கும்போது மட்டும் அவர் அதைப் பயன்படுத்துவார்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆவணம் சுத்தமாக இருந்தால் வாங்குபவர் என்ன சொன்னாலும் வங்கி பணம் கொடுக்க வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே போன புகழ்பெற்ற வழக்கு ஒன்று இருக்கிறது. 1960-களில் சென்னையைச் சேர்ந்த தாராப்பூர் அண்ட் கோ என்ற நிறுவனம், ஃபராக்கா தடுப்பணைத் திட்டத்தின் கால்வாய் வேலைக்காக மாஸ்கோவின் டிராக்டர் ஏற்றுமதி நிறுவனத்திடம் மண் வாரும் இயந்திரங்களை எல்.சி மூலம் வாங்கியது. இயந்திரங்கள் சொன்னபடி வேலை செய்யவில்லை, வங்கி பணம் தரக் கூடாது என்று நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் தடை கிடைத்தது, டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது, சுப்ரீம் கோர்ட்டும் நீக்கியது சரி என்றது. எல்.சி வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு; சரக்குச் சண்டையைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் சாரம். விற்பவருக்கு இவ்வளவு பலமான பாதுகாப்பு வேறு இல்லை. ஆனால் அது சரியான ஆவணம் கொடுத்தவருக்கு மட்டும்.

மில்காரர் முறைத்துக்கொண்டு நிற்கலாமா என்று யோசித்தார். அசல் பில் ஆஃப் லேடிங் இல்லாமல் வாங்குபவராலும் சரக்கை எடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் இலவச நாட்கள் முடிந்ததும் ஷாங்காய் துறைமுகத்தில் கன்டெய்னர் வாடகை நாளுக்கு நாள் ஏறும். முந்திரியோ இறாலோ என்றால் வேறு ஆளுக்கு விற்கலாம், மூலதனம் தாங்கும். ஆறாயிரம் டாலர் கன்டெய்னர் நாரைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் நாரின் விலையை வாடகையே தின்றுவிடும். அதற்கு மேல் இந்தப் பக்கம் 25 நாள் முடிந்து, தாமத வட்டி ஓடத் தொடங்கியிருந்தது. ஒப்புக்கொண்டார்.

கடைசியில் வந்தது எவ்வளவு?

ஜனவரி 27 அன்று பணம் வந்தது. 12,000 டாலரில் விலைக் குறைப்பு 600. முரண் கட்டணம் 90. ஷாங்காய் வங்கியின் பணம் அனுப்பும் செலவு 60. நடுவில் டாலரைக் கைமாற்றிய வங்கி எடுத்துக்கொண்டது 30. வந்து சேர்ந்தது 11,220 டாலர்.

உள்ளூர் வங்கி 12,000 டாலருக்கு ஏற்கெனவே ரூபாய் கொடுத்துவிட்டது. ஆகவே குறைந்த 780 டாலரை மில்காரர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. எந்த விலையில் என்பதைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் அவரிடமிருந்து டாலரை வாங்கியபோது 90 ரூபாய். இப்போது பற்றாக்குறைக்கு அவருக்கு டாலரை விற்கிறது, அதனால் விற்பனை விலை, 90 ரூபாய் 60 காசு. 70,670 ரூபாய் பற்று. 25 நாளுக்குப் பிறகான 15 நாளுக்கு, 11 சதவீதத்தில் தாமத வட்டி 4,880. ஆக, 10,66,850 என்று வந்த பணத்தில் கடைசியில் நின்றது 9,91,300. மனைவி கேட்ட 'மிச்சம்' 88,700 ரூபாய்.

அவர் பேப்பரை எடுத்து இரண்டாகப் பிரித்தார். வழக்கமான 25 நாள் வட்டி, உள்ளூர்க் கட்டணம், வெளிநாட்டு வங்கிகளின் 90 டாலர் ஆகியவை சுமார் 21,300 ரூபாய். கப்பல் சரியான நாளில் போயிருந்தாலும் இது போயிருக்கும். மற்றபடி விலைக் குறைப்பு 54,360, முரண் கட்டணம் 8,154, தாமத வட்டி 4,880. கூட்டினால் 67,394. இரண்டு நாளின் விலை இது. திருத்தத்துக்கு ஆகியிருக்கக்கூடிய 6,300 ரூபாயை அவர் இதன் பக்கத்தில் எழுதிவைத்தார்.

"பேங்க்காரன் கமிஷன்ல அடிக்கிறான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, கமிஷன் எல்லாம் சேர்த்தே அஞ்சாயிரத்து ஐநூறுதான்" என்றார். கணவர் பதில் சொல்லவில்லை.

குறைந்த பணத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்

பணம் போனதோடு வேலை முடியவில்லை. ஷிப்பிங் பில்லில் 12,000 டாலர் என்று சுங்கத்துறையிடம் சொல்லியாயிற்று. அது ரிசர்வ் வங்கியின் EDPMS என்ற கணினித் தொகுப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே 780 டாலர் 'வராத பணம்' என்று நிலுவையில் நிற்கும். ஏற்றுமதிப் பணத்தைக் கொண்டுவரும் கெடு ஒன்பது மாதமாக இருந்து, 2025 நவம்பரில் பதினைந்து மாதமாக நீட்டப்பட்டது. அவகாசம் இருக்கிறதே என்று விட்டுவைத்தால், நிலுவை ஒருநாள் வங்கியின் கேள்வியாகத் திரும்பி வரும்.

இங்கே பலர் செய்யும் குழப்பம், 780-ஐ ஒரே தொகையாக 'பேங்க் சார்ஜ்' என்று எழுதிவிடுவது. அதில் 180 டாலர்தான் வங்கிக் கட்டணம். மற்ற 600 டாலர் விலைக் குறைப்பு. இரண்டுக்கும் சட்டத்தில் வேறு வேறு மரியாதை.

வங்கிக் கட்டணத்தை நிரூபிக்க, பணம் வந்த ஸ்விஃப்ட் செய்தியின் நகல் போதும், அதில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று இருக்கும். டியூட்டி டிராபேக் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. வெளிநாட்டு வங்கிக் கட்டணத்தால் பணம் குறைந்தால் அதற்காக டிராபேக்கைக் குறைக்க வேண்டியதில்லை என்று 2019 செப்டம்பரில் சுங்க வாரியம் தெளிவுபடுத்தியது. ஏஜென்ட் கமிஷனையும் சேர்த்து, கப்பல் கூலி நீங்கிய எஃப்.ஓ.பி மதிப்பில் 12.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே. 180 டாலர் அந்த எல்லைக்கு வெகு கீழே.

விலைக் குறைப்பு அப்படியல்ல. அதற்கு வாங்குபவரின் மெயில், காரணம் சொல்லும் கடிதம் இவற்றோடு வங்கியிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். கப்பல் கூலி 800 டாலர் போக நம்மவரின் எஃப்.ஓ.பி மதிப்பு 11,200 டாலர். அதில் 600 என்பது சுமார் 5.4 சதவீதம். டிராபேக் 10,000 ரூபாய் வாங்கியிருந்தால் சுமார் 540 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். தொகை சிறியது, கட்டாமல் விட்டால் வட்டியோடு வரும் நோட்டீஸ் சிறியதாக இருக்காது.

2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சிறு ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. ஒரு பில் 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே வங்கி EDPMS நிலுவையை முடிக்கலாம், மதிப்புக் குறைப்பையும் அப்படியே ஏற்கலாம். நம்மவரின் பில் 10,80,000. எண்பதாயிரம் ரூபாயில் சலுகை கை நழுவியது. கன்டெய்னருக்கு ஒரு இன்வாய்ஸ், ஒரு ஷிப்பிங் பில் என்று இரண்டாகப் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் 5,40,000-தான். ஒரே எல்.சி-யின் கீழ் இரண்டு இன்வாய்ஸ் கொடுப்பதற்கு, எல்.சி-யில் அதற்கு எதிரான நிபந்தனை எதுவும் இல்லாதவரை தடையில்லை.

டேலியிலும் இதே பிரிவினைதான். விற்பனை 10,80,000 என்றே நிற்க வேண்டும். வந்த 9,91,300-ஐ விற்பனை என்று எழுதினால் ஷிப்பிங் பில்லோடும் ஜி.எஸ்.டி ரிட்டர்னோடும் ஒத்துப்போகாது. கட்டணம் ஒரு தலைப்பில், வட்டி ஒரு தலைப்பில், விலைக் குறைப்பு ஒரு தலைப்பில், 60 காசு வித்தியாசத்தால் போன 468 ரூபாய் செலாவணி நட்டம் என்று இன்னொன்றில். மனைவி அன்றிரவே இந்த வரிகளைத் திருத்தி எழுதினார். பழைய ஐந்து எல்.சி-க்களையும் எடுத்துப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் 'பேங்க் சார்ஜ்' என்று ஒரே வரிதான் இருந்தது. அவற்றில் எவ்வளவு விலைக் குறைப்பு ஒளிந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லும்படி வங்கிக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

பிப்ரவரியில் அதே ஷாங்காய்க்காரர் மறுபடி 40 டன் கேட்டார், 300 டாலர் விலையில். வழக்கமான 21,300 ரூபாய் செலவை 40 டன்னுக்குப் பங்கிட்டால் டன்னுக்கு 530 ரூபாய் சொச்சம், அதாவது சுமார் 6 டாலர். மில்காரர் 306 கேட்டார். 304-க்கு முடிந்தது. அதோடு எல்.சி திறப்பதற்கு முன்பே வரைவை அனுப்பச் சொல்லி, 44C-யில் கப்பல் அட்டவணைத் தேதிக்கு மேல் பதினைந்து நாள் கூடுதலாகப் போடச் சொன்னார். வாங்குபவர் பத்து நாள் கொடுத்தார். கிளியரிங் ஏஜென்ட்டின் சுவரிலும் அந்தத் தேதி இப்போது சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறது.